ஆறாவது கட்டம்

கோமளவல்லி டீச்சர் வரைந்த பெண், படத்தைவிட்டு இறங்கி நாற்பத்தேழாம் புளோக் அடுக்குமாடிக் கட்டடத்தின் திறந்த கீழ்த்தளத்தில் வந்து நின்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். கோப்பிக் கடைக்குப் போய் ரொட்டி வாங்கித் திரும்பியவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் ரொட்டி ஆறிவிடும் என்று மேலே போய்ச் சாப்பிட்டுவிட்டு, மறுபடி நிதானமாக இறங்கி வந்து பார்த்தார்கள். கறுப்பு மையால் கோடு கோடாக வரையப்பட்ட பத்து வயதுப் பெண், இரட்டைச் சடை, முழங்கால் வரை பாவாடை, தோளில் ஒரு துணிப்பை. வாய் திறந்திருந்தது. வலது கை யாரையோ எதையோ காட்டி நீண்டிருந்தது. எதிரே நின்றால் முழுப் பெண்ணாகத் தெரிந்தவள், பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் காகிதத்தின் ஓரம் போல் ஒரே ஒரு கோடாகிக் காணாமல் போனாள்.

மூன்றாம் மாடியிலிருந்து குப்பை போட இறங்கி வந்த டீச்சருக்கு அவள் யார் என்று ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. ஒரு சடையில் ரிப்பன் இருந்தது, இன்னொன்றில் இல்லை. படம் வரைந்த அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கியதால், ஐந்தாவது கட்டத்தில் அந்த இரண்டாவது ரிப்பனைப் போட மறந்தது டீச்சரேதான். பதினோரு வருஷமாக அதே படத்தை நகலெடுத்து நகலெடுத்துக் கொடுத்தும், ஒரு ரிப்பன் போட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

டீச்சரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை காலைகளில் தம் வீட்டு வரவேற்பறையில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேருக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவர். இலக்கணத்துக்கு வேறு ஆள் இருந்தார்கள், வாசிப்புக்கும் இருந்தார்கள். ஆனால் படம் பார்த்துக் கதை எழுதுவதற்கு டீச்சரை விட்டால் ஆளில்லை என்று அந்த வட்டாரத்துத் தாய்மார்கள் சத்தியம் பண்ணுவார்கள். அவரிடம் படித்த பிள்ளை பள்ளித் தேர்வில் இருபதுக்குப் பதினாறுக்குக் கீழே வாங்கியதில்லை. அந்தப் பெருமை டீச்சருக்கு இருந்தது. அது தப்பு என்று யாரும் சொல்லிவிட முடியாது, ஆனால் இந்தக் கதையில் நடந்ததெல்லாம் அந்தப் பெருமையால்தான் நடந்தது.

படம் என்றால் ஒரு தாளில் ஆறு கட்டம். ஐந்தில் சம்பவம் இருக்கும், ஆறாவதில் ஒரு பெரிய கேள்விக்குறி மட்டும். கீழே உதவிச் சொற்கள் ஆறோ ஏழோ. "பென்சிலைக் கீழ வைங்க, முதல்ல அஞ்சு கட்டத்தையும் கண்ணால படிங்க" என்றுதான் டீச்சர் தொடங்குவார். யார், எங்கே, எப்போது, என்ன ஆயிற்று, ஏன் என்று தாளின் ஓரத்தில் சின்னதாகக் குறிக்கச் சொல்வார். ஒரு கட்டத்துக்கு ஒரு பத்தி. இரண்டு கட்டத்துக்கு நடுவே படம் காட்டாத கொஞ்ச நேரம் இருக்கிறது, அதை ஒரு வரியில் தாண்டி வர வேண்டும். முகத்தைப் பார்த்து உணர்ச்சியை எழுத வேண்டும், 'கோபப்பட்டார்' என்று மொட்டையாக எழுதாமல் அவர் புருவம் என்ன செய்தது என்று எழுத வேண்டும். யாராவது பேசினால் புது வரி, மேற்கோள் குறி, பேசியவர் கேட்டாரா, அதட்டினாரா, முணுமுணுத்தாரா என்று பின்னால் ஒரு சொல். நாலு பேச்சுக்கு மேல் போனால் கதை நாடகமாகிவிடும். ஆறாவது கட்டம் உங்களுடையது, என்ன வேண்டுமானாலும் நடக்கலாம், ஆனால் ஐந்தாவது கட்டத்திலிருந்துதான் அது பிறக்க வேண்டும். இதெல்லாம் நல்ல பாடம். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் டீச்சர் விரலை ஆட்டிக்கொண்டு ஒன்று சொல்வார்: "படத்துல இல்லாதத எழுதாதீங்க. எழுதுனா மார்க் போயிடும்."

அந்தப் பெண்ணின் படம் இப்படிப் போகும். முதல் கட்டத்தில் அவள் ஒரு மளிகைக் கடையில் நுழைகிறாள். இரண்டாவதில் பிஸ்கட் அடுக்கின் முன்னால் நிற்கிறாள். மூன்றாவதில் ஒரு பொட்டலம் அவளுடைய துணிப்பைக்குள் போகிறது. நாலாவதில் கடைக்காரர் அவள் இடது கையைப் பிடித்துக்கொள்கிறார். ஐந்தாவதில் சுற்றிலும் ஆட்கள், அவள் வாயைத் திறந்து வலது கையை நீட்டி எதையோ காட்டுகிறாள், அந்தக் கை கட்டத்தின் விளிம்பில் முடிந்துவிடுகிறது. ஆறாவதில் கேள்விக்குறி. உதவிச் சொற்கள்: திருட்டுத்தனமாக, கையும் களவுமாக, திடுக்கிட்டாள், தலைகுனிந்தாள், மன்னிப்பு, திருந்தினாள். கதை தொடங்கும் முன்பே அந்தப் பிள்ளையைத் திருடி ஆக்கியாயிற்று. பதினோரு வருஷத்தில் அதைப் படித்த யாருக்கும் இது தோன்றவில்லை, படத்தை வரைந்தவருக்கே தோன்றவில்லை.

மதுராவுக்கு மட்டும் தோன்றியிருக்க வேண்டும். அவள் வகுப்பிலேயே பின்தங்கிய பிள்ளை, கொம்பும் காலும் இடம் மாறி விழும் எழுத்து. அவள் எழுதிய கதையில் நாலு கட்டம் எப்படியோ தட்டுத் தடுமாறி ஓடியது. ஐந்தாவதில் அந்தப் பெண் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசினாள். ஆறாவதில் கடைக்காரர் கையை விட்டார். மன்னிப்பும் இல்லை, திருந்தலும் இல்லை. சனிக்கிழமை பிற்பகல் திருத்த உட்கார்ந்த டீச்சர், அந்த ஒரு வாக்கியத்தின்மேல் சிவப்புப் பேனாவால் அழுத்தி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'படத்தில் இல்லை' என்று எழுதி, இருபதுக்கு ஏழு கொடுத்து, தாம் எழுதி எல்லாருக்கும் கொடுத்திருந்த மாதிரிக் கதையைப் பார்த்துத் திருத்தி எழுதி வரச் சொன்னார். மதுராவின் அம்மா அன்று மாலையே மகளை உட்காரவைத்து எழுதவைத்தார். பழைய தாளைக் கசக்கி, காகிதம் போடுகிற நீலத் தொட்டியில் போட்டார். மறுநாள் காலையில்தான் அந்தப் பெண் கீழே வந்து நின்றாள்.

புளோக்கு அவளை ஏற்றுக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து அங்கே துப்புரவு வேலை பார்க்கும் செல்லப்பாண்டி, முதல் நாள் அவளைச் சுற்றிக் கூட்டினார். இரண்டாம் நாள் மழைச் சாரல் அடித்துக் காலடிக் கோடு லேசாக மை கசிந்தபோது, எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் விரிப்பைக் கொண்டுவந்து போர்த்திவிட்டார். சதுரங்கம் ஆடும் கிழவர்கள் தங்கள் மேசையை ஒரு அடி தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் லிஃப்ட் வரும்வரை அவளுடைய நீட்டிய கையில் புத்தகப் பையை மாட்டினார்கள், அந்தக் கை தாங்கியது. ஒன்பதாம் மாடி மலாய்க் குடும்பம் கீழ்த்தளத்தில் கல்யாணம் வைத்தபோது, பந்தல் துணியை அவளைச் சுற்றிப் போகவிட்டு, மாப்பிள்ளை பெண்ணோடு அவளையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். விருந்தாளிக்குக் கொடுக்கும் முட்டைப் பையை அவள் விரலில் மாட்டிவிட்டார்கள். ஏழாம் மாடியில் ஒரு சாவு விழுந்தபோது அவள் பக்கம் ஒரு திரை கட்டினார்கள், சின்னப் பிள்ளை பார்க்கக் கூடாது என்று.

அவள் எதைக் காட்டுகிறாள் என்று எல்லாரும் தேடினார்கள். கை போகிற வாக்கில் நேராக நடந்தால் சைக்கிள் நிறுத்தும் கம்பிகள், அவற்றை ஒட்டி ஒரு தூண், அதைத் தாண்டிக் கார் நிறுத்துமிடம், பஸ் நிற்குமிடம், அதற்கு அப்பால் இன்னொரு புளோக். ஒன்றும் இல்லை. "அந்தத் தூணோரமா ஒரு கறுப்புக் கோடு விழுந்திருக்கு டீச்சரம்மா, பிரஷ் போட்டுத் தேய்ச்சும் போவ மாட்டேங்குது" என்று செல்லப்பாண்டி மட்டும் குறைப்பட்டுக்கொண்டார். தூணில் விரிசல் விட்டிருக்கும் என்றார் டீச்சர்.

ரொம்பவும் அவதிப்பட்டவர் கீழ்த்தளத்தில் மளிகைக் கடை வைத்திருந்த ஜெய்லானி பாய். கையைப் பிடித்த கடைக்காரர் அவர்தானோ என்று வேடிக்கையாகக் கேட்டவர்கள், பிறகு வேடிக்கை இல்லாமலும் கேட்டார்கள். "முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன், ஒரு பிள்ளையோட கைய நான் பிடிச்சதுண்டாங்க?" என்று அவர் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு ஓயாததால், தினமும் கடை திறந்ததும் ஒரு பிஸ்கட் பொட்டலத்தை அவள் காலடியில் வைக்க ஆரம்பித்தார். அடுக்கு உயர்ந்துகொண்டே போனது. ஒன்றைக்கூட அவள் தொடவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பிஸ்கட் வேண்டியிருக்கவில்லையோ என்று யாராவது அப்போது யோசித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் தாய்மார்கள் அவளைக் காட்டித் தங்கள் பிள்ளைகளிடம், "எடுத்தது தப்புன்னு ஒத்துக்காம நிக்குது பாரு, நீயும் இப்படி நிக்கணுமா?" என்றுதான் சொன்னார்கள்.

டீச்சர் தினமும் காலையில் இறங்கி வந்து அவளெதிரே நின்றார். அந்தத் திறந்த வாயையே பார்த்தார். சிவப்புக் கோடு போட்டது நினைவிருந்தது, கை அழுத்திய அழுத்தம் நினைவிருந்தது, கோட்டுக்கு அடியில் இருந்த வாக்கியம் மட்டும் எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. ஏனென்றால் அவர் அதைப் படிக்கவே இல்லை. மன்னிப்பு என்ற சொல்லைத் தேடினார், இல்லை என்றதும் கோடு போட்டார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, தமக்கே சொல்லிக்கொள்ள மூன்று வாரம் ஆயிற்று. அதன் பிறகு மதுராவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மதுரா, அந்தப் பொண்ணு என்ன பேசுனான்னு எழுதின, ஞாபகம் இருக்கா?"

"நீங்க அடிச்சிட்டீங்களே டீச்சர்."

"தெரியும்மா. அடிச்ச வரி என்ன?"

மதுரா காலால் தரையைத் தேய்த்தாள். "தப்பான வரி டீச்சர். அம்மா மறந்துடச் சொன்னாங்க. இப்ப சரியானது தெரியும். சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கண்ணை மூடிக்கொண்டு மாதிரிக் கதையின் கடைசிப் பத்தியை ஒரு பிழை இல்லாமல் ஒப்பித்தாள். ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் டீச்சர் அவளைக் கட்டிப் பிடித்திருப்பார். இப்போது அவருக்கு அழுகை வந்தது.

அவர் பொறுத்திருக்கலாம். பிள்ளையின் மனத்தில் புதைந்தது என்றைக்காவது மேலே வரும், இன்னும் ஒரு மாதம் அந்தப் பெண் நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஜெய்லானி பாய் மாடி ஏறி வந்துவிட்டார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. நீங்க வரஞ்ச புள்ள. நீங்கதாங்க முடிச்சு வைக்கணும். பாக்கவே பாவமா இருக்கு, எத்தன நாளைக்குக் கைய நீட்டிக்கிட்டு நிப்பா?"

அந்தச் சனிக்கிழமை டீச்சர் வகுப்பைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோனார். ஒன்பது பேரையும் அந்தப் பெண்ணின் முன்னால் பாய் விரித்து உட்காரவைத்தார். ஆளுக்கொரு தாள், அதில் ஒரே ஒரு கட்டம், ஆறாவது கட்டம். உதவிச் சொற்களை அவர் வெட்டி எடுத்துவிட்டிருந்தார். தகவல் பரவி, மாடிகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். கோப்பிக் கடைக்காரி துடைத்த கையோடு வந்தாள். மதுராவின் அம்மா முதல் வரிசையில் நின்றார்.

"அவ முகத்தப் பாருங்க, கையப் பாருங்க" என்றார் டீச்சர். "அவ என்ன சொல்ல வர்றா? உங்களுக்கு என்ன தோணுதோ அத எழுதுங்க."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உதவிச் சொல் காணோமே டீச்சர்," என்றான் ஒருவன்.

"வேணாம். நீங்களா எழுதுங்க."

"எத்தன மார்க்குக்கு டீச்சர்?"

"மார்க் இல்ல."

மார்க் இல்லை என்றதும் பிள்ளைகளுக்குப் பயம் வந்துவிட்டது. பென்சிலைக் கடித்தார்கள், நிமிர்ந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, தெரிந்த வழியில் கால் தானாகப் போவது போல ஒன்பது பென்சிலும் ஓட ஆரம்பித்தன. டீச்சருக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவு வேகமாக யாரும் யோசித்து எழுதுவதில்லை.

முதல் பிள்ளை எழுந்து நின்று வாசித்தான்.

"'ஐயா, என்னை மன்னித்துவிடுங்கள்! இனி ஒருபோதும் இப்படிச் செய்யமாட்டேன்,' என்று அவள் கண்ணீர் மல்கக் கெஞ்சினாள்."

கோட்டுப் பெண்ணின் தலை ஒரு விரற்கடை தாழ்ந்தது. கூட்டத்தில் ஆ என்று ஒரு சத்தம் எழுந்தது. இரண்டாவது பிள்ளை வாசித்தாள். அதே வாக்கியம், 'கண்ணீர் மல்க' என்பதற்குப் பதிலாக 'நா தழுதழுக்க'. தலை இன்னும் கொஞ்சம் இறங்கியது. மூன்றாவது, நான்காவது. பிள்ளைகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது, தாங்கள் வாசிக்க வாசிக்கப் படம் அசைகிறது என்றால் எந்தப் பிள்ளைதான் சும்மா இருக்கும். "போதும், நிறுத்துங்க" என்று டீச்சர் சொன்னார், ஆனால் கூட்டம் கை தட்டிக்கொண்டிருந்தது. எட்டாவது பிள்ளை வாசித்து முடித்தபோது அவள் முகவாய் நெஞ்சைத் தொட்டுவிட்டது, முகமே தெரியவில்லை. கை மட்டும் நீண்டபடி இருந்தது.

ஒன்பதாவதாக மதுரா எழுந்தாள். தாளைப் பார்த்தாள், அந்தக் கையைப் பார்த்தாள், திரும்பித் தூணைப் பார்த்தாள். "டீச்சர்..." என்று இழுத்தாள். "வாசிம்மா, நல்லா சத்தமா" என்றார் அவள் அம்மா. மதுரா வாசித்தாள். எல்லாரையும்விடத் திருத்தமாக, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் குரலை ஏற்றி, அப்படியே டீச்சர் வாசிப்பது போல.

அந்தப் பெண்ணின் கை கீழே விழுந்தது. ஐந்து வாரமாகத் திறந்திருந்த வாய் அசைந்து, ஒன்பது பிள்ளைகளின் குரலும் ஒன்றாகக் கலந்த ஒரு குரலில், "ஐயா, என்னை மன்னித்துவிடுங்கள்" என்றது.

புளோக்கே ஆர்ப்பரித்தது. ஜெய்லானி பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சிட்டேன்மா, நல்லா இரு" என்று, தாம் ஒருநாளும் பிடித்திராத அந்தக் கைக்காகவும் சேர்த்துச் சொன்னார். தாய்மார்கள் பிள்ளைகளை இடித்து, "பாத்தியா?" என்றார்கள். அந்தப் பெண் குனிந்த தலையோடு நடந்தாள். அவள் காட்டிக்கொண்டிருந்த பக்கம் போகவில்லை, எதிர்ப்பக்கமாகக் கோப்பிக் கடையைத் தாண்டிப் பெரிய ரோட்டுப் பக்கம் போனாள். முனையில் திரும்பும்போது பக்கவாட்டில் ஒரு கோடானாள், பிறகு அதுவும் இல்லை. பிஸ்கட் அடுக்கு அப்படியே இருந்தது. கூட்டம் கலைந்து சாப்பிடப் போயிற்று.

பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த டீச்சரின் சேலையை மதுரா இழுத்தாள்.

"டீச்சர், ஞாபகம் வந்துடுச்சு."

"என்னம்மா?"

"'அம்மா வெளிய நிக்கிறாங்க, வந்து கேளுங்க'ன்னு அவ சொன்னா. அதான் எழுதியிருந்தேன். அவங்க அம்மாதான் அத எடுத்துப் பைக்குள்ள வைக்கச் சொன்னாங்க, இவ முன்னாடி உள்ள போயிட்டா, அவங்க கடைக்கு வெளிய காசுக்குப் பையத் தொழாவிக்கிட்டு நின்னாங்க. நீங்க வரையல. ஆனா அவ கைய நீட்டுனாளே டீச்சர், யாராச்சும் நிக்கணும்ல?"

டீச்சர் பாயைக் கீழே போட்டார். கை நீண்டிருந்த வாக்கில் நடந்தார். சைக்கிள் கம்பிகளைத் தாண்டி, தூணை அடைந்தார். செல்லப்பாண்டி தேய்த்துத் தேய்த்துத் தரை வெளுத்திருந்த இடத்தில், தூணை ஒட்டி நிமிர்ந்து நின்றது ஒரு கறுப்புக் கோடு, ஆள் உயரத்துக்கு. தூணின் விரிசல் தூணில் இருக்கும், இது தூணுக்கு அரை அடி முன்னால் நின்றது. கம்பிகளுக்கும் தூணுக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து, யாரும் நுழைந்து பார்க்காத அந்தப் பக்கம் போய் டீச்சர் எதிரே நின்றார்.

கோடு ஒரு நடுவயதுப் பெண்ணாயிற்று. கொம்பும் காலும் இடம் மாறி விழும் கையால் வரைந்தது போல ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கிய பெண், ஒரு கையில் திறந்த பை, மறு கை பைக்குள். அவள் மேல் தோளிலிருந்து இடுப்புவரை குறுக்கே ஒரு சிவப்புக் கோடு அழுத்தமாகப் போட்டிருந்தது. அதனால்தான் அவளால் ஓர் அடிகூட நகர முடியாமல் இருந்தது. ஐந்து வாரம், மகள் கை நீட்டிக்கொண்டே இருக்க, இருபது அடி தூரத்தில்.

டீச்சர் முந்தானையால் அந்தக் கோட்டைத் துடைத்தார். எச்சில் தொட்டுத் துடைத்தார், நகத்தால் சுரண்டினார். தம் கையால் போட்டது, போகவில்லை.

அந்த அம்மா நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள்.

"எம் பொண்ணு உள்ள போனா, இன்னும் வரல. ஒரு சடையில ரிப்பன் இருக்காது. பாத்தீங்களா டீச்சர்?"

கேள்வி கேட்டால் அடுத்த வரியில் பதில் வர வேண்டும் என்று முப்பது வருஷம் சொல்லிக் கொடுத்தவர், பெரிய ரோட்டுப் பக்கம் கையை நீட்டினார், வாயைத் திறந்தார், அப்படியே நின்றார். மதுரா வெகு நேரம் எதிரே நின்று, அந்த வாயிலிருந்து ஏதாவது வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.